மெயில் ஐடியிலிருந்து ஸ்பேம் போகிறதா? ஹோஸ்டிங் கம்பெனிக்கு எப்படி எழுதுவது

சேலம் செவ்வாய்பேட்டையில் கொலுசு மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர், போன வருடம் மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை மதியம் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, மெயிலைத் திறந்தா முந்நூறு மெயில் வந்து கிடக்குது. நான் அனுப்பாத மெயில் எல்லாம் போய்ச் சேரலைன்னு எனக்கே திரும்பி வருது. நான் அனுப்புறது மட்டும் போகவே மாட்டேங்குது" என்றார்.

அதற்குள் அவரே ஹோஸ்டிங் கம்பெனிக்கு ஒரு கடிதம் போட்டிருந்தார். நாலே வரி. "உங்கள் சர்வரை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள். வியாபாரம் நின்றுவிட்டது. உடனே சரிசெய்யவும். இல்லாவிட்டால் நஷ்டஈடு கேட்பேன்." பாஸ்வேர்டை மாற்றுங்கள், கம்ப்யூட்டரில் வைரஸ் ஸ்கேன் ஓட்டுங்கள் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. புகாருக்கான டிக்கெட்டையும் மூடிவிட்டார்கள்.

அவருக்கு வந்த கோபம் நியாயம்தான். ஆனால் அந்தக் கடிதத்தை வாங்கிய ஆளின் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் வேறு என்ன செய்ய முடியும்? எந்த ஐடி என்று அதில் இல்லை. எத்தனை மணிக்கு என்று இல்லை. ஆதாரம் ஒன்றும் இல்லை. ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான கடைகளின் மெயில் இருக்கும். எதைத் தேடுவது என்று சொல்லாத கடிதத்துக்குப் பொதுவான பதில்தான் வரும். அன்று மதியம் இரண்டு மணிக்கு இரண்டாவது கடிதம் போட்டோம். மாலை ஐந்து மணிக்குள் விவரமான பதில் வந்துவிட்டது. அந்த இரண்டாவது கடிதத்தை எப்படித் தயார் செய்தோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவருடைய உண்மையான டொமைன், ஐபி எண்களுக்குப் பதிலாக மாதிரிப் பெயர்களையும் எண்களையும் போட்டிருக்கிறேன்.

முதலில், உங்கள் மெயில்பாக்ஸ்தானா என்று பாருங்கள்

உங்கள் பெயரில் ஸ்பேம் போக மூன்று வழிகள் உண்டு. ஒன்று, உங்கள் மெயில்பாக்ஸின் பாஸ்வேர்ட் திருடு போயிருக்கலாம். இரண்டு, உங்கள் வெப்சைட்டில் யாரோ ஒரு புரோகிராமை நுழைத்து அதன் வழியாக அனுப்பலாம். மூன்று, உங்கள் சர்வர் பக்கமே வராமல், வேறெங்கோ இருந்துகொண்டு அனுப்புநர் இடத்தில் உங்கள் முகவரியை மட்டும் எழுதிவிடலாம். கடிதத்தின் உறையில் யார் வேண்டுமானாலும் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் இல்லையா, அதுபோல. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. எது என்று தெரியாமல் எழுதினால் முதல் கடிதத்தின் கதிதான்.

திரும்பி வந்த மெயில்களிலேயே விடை இருக்கிறது. பெரும்பாலும் அவை `Mail delivery failed: returning message to sender` என்ற தலைப்பில் வரும். அவசரத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். குறைந்தது ஐந்தாறு மெயிலாவது இருக்கட்டும். ஒன்றைத் திறந்து கீழே போனால், திருடன் அனுப்பிய மூல மெயிலின் நகல், அது எந்த வழியாக வந்தது என்று காட்டும் தலைவரிகளோடு இருக்கும். சில சமயம் அது தனி இணைப்பாக வரும். வெப்மெயிலில் ரவுண்ட்கியூப் வைத்திருப்பவர்கள் `More` என்பதற்குள் `Show source` அழுத்தினால் எல்லா வரிகளும் தெரியும்.

நமக்கு வேண்டியது இந்தப் பகுதி மட்டும்:

```
Received: from [203.0.113.45] (port=51544 helo=[127.0.0.1])
  by server7.example.net with esmtpsa
  (envelope-from <orders@example.com>)
  id 1trNsT-0004Bc-2D;
  Sun, 09 Mar 2025 21:11:17 +0000
X-Authenticated-Sender: server7.example.net: orders@example.com
```

`by` என்பதற்குப் பக்கத்தில் இருப்பது மெயிலை வாங்கிக்கொண்ட சர்வர். அது உங்கள் ஹோஸ்டிங் கம்பெனியின் சர்வர் பெயராக இருந்தால், மெயில் உங்கள் வீட்டு வாசல் வழியாகத்தான் போயிருக்கிறது. அடுத்து `esmtpsa` என்ற சொல்லின் கடைசி எழுத்தைப் பாருங்கள். அந்த `a` இருந்தால், அனுப்பியவர் ஐடியும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே வந்திருக்கிறார் என்று அர்த்தம். எந்த ஐடி என்பதைக் கடைசி வரி சொல்கிறது: `orders@example.com`. பூட்டை உடைக்கவில்லை, சாவி போட்டுத் திறந்திருக்கிறார்கள். சர்வர் ஹேக் ஆகிவிட்டது என்று கடைக்காரர் எழுதியது தப்பு என்பது இங்கேயே தெரிந்துவிட்டது.

`X-Authenticated-Sender` வரி, மெயிலையும் வெப்சைட்டையும் நிர்வகிக்கச் சிபேனல் என்ற பக்கம் தரும் ஹோஸ்டிங்கில் வருவது. கூகுள், ஜோஹோ மாதிரி இடங்களில் மெயில் வைத்திருந்தால் அது இருக்காது. அங்கே அவர்களுடைய அட்மின் பக்கத்தில்தான் லாகின் விவரம் பார்க்க வேண்டும். `X-PHP-Script` என்று தொடங்கும் வரி இருந்தால் வெப்சைட் பக்கம் சந்தேகப்படுங்கள். உங்கள் சர்வரின் பெயரே எங்கும் இல்லையென்றால் அது வெறும் பெயர்த் திருட்டு. அதற்கு பாஸ்வேர்டை மாற்றிப் பயனில்லை. உங்கள் பெயரில் வரும் மெயில் உண்மையானதா என்று மற்ற சர்வர்கள் சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் பதிவுகளைச் சரியாகப் போட்டுத் தரும்படி கேட்க வேண்டும்.

இதைச் சொல்லும்போது ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கடைக்காரரின் மருமகன் பெங்களூரில் வேலை பார்க்கிறார். "எஸ்பிஎஃப் போட்டால் நின்றுவிடும்" என்று போனிலேயே சொல்லிவிட்டார். இந்த விஷயத்தில் அது நிற்காது. ஸ்பேம் உங்கள் சொந்த சர்வரிலிருந்து, உங்கள் சொந்த ஐடியில் போகிறது. எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டும் அதை நல்ல மெயில் என்றே முத்திரை குத்தி அனுப்பும்.

நேரக் கணக்கில் ஏமாறாதீர்கள்

மேலே இருக்கும் நேரத்தைப் பார்த்ததும் கடைக்காரர் முகம் மாறிவிட்டது. ஞாயிறு இரவு 21:11, அதாவது கிட்டத்தட்ட ஒன்பதே கால். அந்த நேரத்தில் கடையில் கணக்கு எழுதும் பையன்தான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தான். "அண்ணா, சத்தியமா நான் ஒண்ணும் பண்ணலைங்கண்ணா" என்று அவன் அழாத குறை.

கடைசியில் இருக்கும் `+0000` என்பதைக் கவனியுங்கள். அந்த சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நம்முடையது அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். 21:11 உடன் 5:30 கூட்டினால் திங்கள் அதிகாலை 2:41. கடை பூட்டி எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்த நேரம். `+0530` என்று இருந்தால் மட்டும் அப்படியே நம் நேரமாக எடுத்துக்கொள்ளலாம். கடிதத்தில் எழுதும்போது இரண்டு நேரத்தையும் எழுதுங்கள். அவர்கள் தேடுவது சர்வர் நேரத்தில், நீங்கள் யோசிப்பது இந்திய நேரத்தில்.

கடிதத்துக்கு முன் அரை மணி நேர வேலை

கடையில் இருக்கும் கம்ப்யூட்டரில் இதைச் செய்ய வேண்டாம். பாஸ்வேர்ட் அதிலிருந்தே திருடு போயிருந்தால் புதிய பாஸ்வேர்டும் அதே வழியில் போய்விடும். வேறு ஒரு நல்ல கம்ப்யூட்டரோ, உங்கள் போனோ போதும்.

பாஸ்வேர்டை மாற்றுவதற்கு முன்பு, திருடன் என்ன வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று பாருங்கள். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சிபேனலில் `Forwarders`, `Email Filters`, `Autoresponders` மூன்றையும் திறந்து பாருங்கள். மெயில்பாக்ஸ் பாஸ்வேர்ட் மட்டும் தெரிந்தவனே வெப்மெயில் வழியாக இவற்றை மாற்றிவிட முடியும். நாங்கள் பார்த்தபோது, கடைக்கு வரும் ஒவ்வொரு மெயிலின் நகலும் முன்பின் தெரியாத ஒரு முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. பாஸ்வேர்டை மாற்றினாலும் இது நிற்காது.

எனக்கு ஸ்பேமைவிட இதுதான் பயமாக இருந்தது. கொலுசு வாங்கும் வெளிமாநிலப் பார்ட்டிகளோடு அவர் பேசும் விலை, எடை, பில், பேங்க் விவரம் எல்லாம் அந்த ஐடியில்தான் வருகிறது, போகிறது. அதைப் படிக்கிறவன், "எங்கள் பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது" என்று ஒரு பொய் பில் அனுப்பினால் போதும். அதனால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு அதை நீக்கினோம். பார்ட்டிகளுக்கு வாட்ஸ்அப்பில் "எங்கள் பேங்க் அக்கவுண்ட் மாறவில்லை, மாறியதாக மெயில் வந்தால் போன் செய்யுங்கள்" என்று செய்தி போட்டோம். யாராவது ஏற்கனவே பணம் போட்டிருந்தால் ஒரு நிமிடம் கூடத் தாமதிக்காமல் 1930 எண்ணுக்குக் கூப்பிட வேண்டும், `cybercrime.gov.in` தளத்தில் புகார் பதிய வேண்டும். நல்லவேளை, இங்கே அப்படி ஆகவில்லை.

அப்புறம்தான் பாஸ்வேர்ட். வேறெங்கும் பயன்படுத்தாத, நீளமான ஒன்று. மாற்றிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் அது ரொம்பவே பயன்படும். எங்களுக்கு மதியம் 1:20.

மாற்றியதும் கடைக் கம்ப்யூட்டர், உங்கள் போன், கணக்கர் போன் என்று அந்த ஐடி எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அதை உடனே நீக்குங்கள், அல்லது நம்பகமான சாதனத்தில் மட்டும் புதிய பாஸ்வேர்டைப் போடுங்கள். ஒரு போன் விட்டுப்போனாலும் அது பழைய பாஸ்வேர்டைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை முயன்றுகொண்டே இருக்கும். அதைத் தாக்குதல் என்று நினைத்து சர்வர் உங்கள் கடையின் இன்டர்நெட்டையே பிளாக் செய்துவிடும். பிறகு கடையிலிருந்து மெயிலும் திறக்காது, வெப்சைட்டும் திறக்காது. மறுபடி ஹேக் ஆகிவிட்டது என்று பதறுவீர்கள். போனில் டேட்டா போட்டுப் பார்த்தால் எல்லாம் திறக்கும். அப்படியென்றால் இதுதான் காரணம்.

கடிதம்

ஹேக் ஆன ஐடியிலிருந்து இதை அனுப்பக் கூடாது. கம்பெனியின் கஸ்டமர் பக்கத்தில் லாகின் செய்து டிக்கெட்டாகப் போடுவது நல்லது. அங்கே உங்கள் தொடர்பு முகவரியாக அந்தப் பழைய ஐடியே இருந்தால், முதலில் அதை வேறு முகவரிக்கு மாற்றுங்கள். எங்கள் ஹோஸ்டிங் ஆட்கள் தமிழ்நாட்டுக்காரர்கள் என்பதால் தமிழிலேயே எழுதினோம். வெளியூர்க் கம்பெனி என்றால் இதே வரிசையில் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

> பொருள்: orders@example.com வழியாக ஸ்பேம் – க்யூவை நிறுத்தவும், லாகின் விவரம் தரவும் வேண்டுதல்
>
> ஐயா,
>
> example.com டொமைனின் உரிமையாளர் எழுதுகிறேன். காலையில் நான் போட்ட டிக்கெட்டில் சர்வர் ஹேக் ஆனதாக எழுதியது தவறு. எங்கள் orders@example.com மெயில்பாக்ஸின் பாஸ்வேர்ட் திருடப்பட்டிருக்கிறது.
>
> மார்ச் 10, அதிகாலை 2:41 மணிக்கு (சர்வர் நேரம் மார்ச் 9, 21:11) 203.0.113.45 என்ற ஐபியிலிருந்து இந்த ஐடியில் லாகின் செய்து ஸ்பேம் அனுப்பியிருக்கிறார்கள். ஒரு மெயிலின் எண் 1trNsT-0004Bc-2D. முழுத் தலைவரிகளோடு மூன்று மெயில்களை இணைத்திருக்கிறேன். அந்த ஐபி எங்களுடையது அல்ல. கடையின் ஐபி 198.51.100.7.
>
> மார்ச் 4 அன்று "மெயில்பாக்ஸ் நிரம்பிவிட்டது" என்று வந்த ஒரு மெயிலில் இருந்த லிங்கில் எங்கள் ஊழியர் பாஸ்வேர்டைக் கொடுத்திருக்கிறார். காரணம் அதுதான் என்று நினைக்கிறோம்.
>
> நாங்கள் செய்தது: இன்று மதியம் 1:20க்கு வேறு கம்ப்யூட்டரிலிருந்து பாஸ்வேர்ட் மாற்றினோம். நாங்கள் வைக்காத ஒரு ஃபார்வர்டர் இருந்தது, ஸ்கிரீன்ஷாட் எடுத்து நீக்கிவிட்டோம். எல்லாச் சாதனங்களிலிருந்தும் இந்த ஐடியை எடுத்துவிட்டோம்.
>
> நீங்கள் செய்து தர வேண்டியது:
> 1. இந்த ஐடியின் பெயரில் க்யூவில் நிற்கும் மெயில்களை அழிக்கவும். இன்னும் திறந்திருக்கும் லாகின்கள் இருந்தால் துண்டிக்கவும்.
> 2. மார்ச் 1 முதல் இந்த ஐடியில் நடந்த லாகின்களின் நேரம், ஐபி, எந்த வழியில் என்ற விவரம் தரவும்.
> 3. எங்கள் மற்ற ஐடிகளிலிருந்தோ வெப்சைட்டிலிருந்தோ ஸ்பேம் போனதா என்று பார்த்துச் சொல்லவும்.
> 4. சர்வர் ஐபி ஏதாவது பிளாக்லிஸ்டில் சேர்ந்திருக்கிறதா?
> 5. இந்த ஐடியிலிருந்து மெயில் போகாதபடி நீங்கள் போட்டிருக்கும் தடையை நீக்க நாங்கள் இன்னும் என்ன செய்ய வேண்டும்?
>
> இன்று காலை 9 முதல் 10 மணிக்குள் நாங்கள் அனுப்பிய மூன்று விலைப்பட்டியல்களும் க்யூவில் இருக்கலாம். அவற்றையும் சேர்த்தே அழித்துவிடலாம், நாங்கள் மறுபடி அனுப்பிக்கொள்கிறோம்.
>
> இப்படிக்கு,
> கடை உரிமையாளர், செவ்வாய்பேட்டை, சேலம்

பாஸ்வேர்ட், பழையதோ புதியதோ, எந்த இடத்திலும் எழுதவில்லை என்பதைப் பாருங்கள். கேட்டாலும் தர வேண்டாம். அது இல்லாமலே அவர்களால் எல்லாம் செய்ய முடியும்.

ஊழியர் பாஸ்வேர்ட் கொடுத்த பத்தியை எடுத்துவிடச் சொல்லிக் கடைக்காரர் ரொம்ப நேரம் பிடிவாதம் பிடித்தார். "நம்ம தப்பை நாமே ஒத்துக்கணுமா?" என்று கேட்டார். அந்தப் பத்தி இல்லாவிட்டால், ஓட்டை எங்கே என்று தெரியாத நிலையில் எந்தக் கம்பெனியும் தடையை நீக்கத் தயங்கும். நீக்கிய மறுநாளே ஸ்பேம் கிளம்பினால், அதே சர்வரில் இருக்கும் மற்றக் கடைகளின் மெயிலும் சேர்ந்து அடிபடும். காரணம் தெரிந்திருந்தால் சொல்லிவிடுவது வேகமான வழி. தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுதலாம். ஊழியரின் பெயர் மட்டும் தேவையில்லை.

க்யூ பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். சர்வர் எல்லா மெயிலையும் ஒரே மூச்சில் அனுப்பிவிடுவதில்லை. ஒரு மணி நேரத்துக்கு இத்தனை என்று அளவு வைத்திருப்பார்கள். மீதி வரிசையில் காத்து நிற்கும். ஏற்கனவே உள்ளே வந்து நிற்கும் மெயிலுக்குப் பாஸ்வேர்ட் தேவையில்லை, முறை வந்தால் அது பாட்டுக்குக் கிளம்பிவிடும். அதனால்தான் பாஸ்வேர்ட் மாற்றியும் ஸ்பேம் போகிறதே என்று பலர் குழம்புகிறார்கள். சாதாரண ஹோஸ்டிங்கில் க்யூவில் கைவைக்கும் அதிகாரம் நமக்குக் கிடையாது, கம்பெனிக்குத்தான் உண்டு. எனவே முதல் கோரிக்கை அதுதான். கம்பெனி தடை போட்ட பிறகு நீங்கள் அனுப்பிய நல்ல மெயிலும் அதே வரிசையில் மாட்டியிருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

லாகின் விவரத்தைத் தள்ளிப்போடாமல் கேளுங்கள். மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவு, இந்தியாவில் சேவை தருபவர்கள் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. ஆனால் பழைய பதிவைத் தேடி எடுப்பதைவிட இந்த வாரப் பதிவை எடுப்பது அவர்களுக்குச் சுலபம்.

பதில் வந்த பிறகு

க்யூவில் 1,140 மெயில் நின்றதாகவும் அழித்துவிட்டதாகவும் பதில் வந்தது. திருடன் மார்ச் 4 இரவே வெப்மெயிலில் நுழைந்திருக்கிறான். ஆறு நாள் சத்தம் போடாமல் படித்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் ஸ்பேமைத் தொடங்கியிருக்கிறான். அந்தத் தேதி தெரிந்ததும், 4 முதல் 10 வரை பில் போன பார்ட்டிகள் யார் யார் என்று பட்டியல் எடுத்து ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டோம். லாகின் விவரத்தைக் கேட்டதன் உண்மையான பயன் அதுதான். கணக்குப் பையன் மேல் இருந்த சந்தேகமும் அப்போதுதான் முழுதாக நீங்கியது.

கடைக் கம்ப்யூட்டரில் ஸ்கேன் ஓட்டி அதன் முடிவை அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினோம், செவ்வாய் காலை தடையை நீக்கினார்கள். சர்வர் ஐபி ஒரு பிளாக்லிஸ்டில், அதாவது ஸ்பேம் அனுப்புகிறவை என்று ஒதுக்கப்படும் சர்வர்களின் பட்டியலில், சேர்ந்திருந்தது. அந்த ஐபி கம்பெனிக்குச் சொந்தமானது, அதனால் நீக்கக் கேட்பதும் அவர்கள் வேலைதான். இதற்குத் தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு நீக்கித் தருவதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தடை நீங்கிய பிறகும் சில நாட்கள் ஜிமெயில்காரர்களுக்கு நம் மெயில் ஸ்பேம் பெட்டிக்குள் விழலாம். அந்த வாரம் விலைப்பட்டியல்களை வாட்ஸ்அப்பிலும் அனுப்பச் சொன்னேன்.

புதன்கிழமை மறுபடி போன். "தம்பி, இன்னும் திரும்பி வந்துக்கிட்டே இருக்குது!" என்றார். இதற்குப் பயப்பட வேண்டாம். ஸ்பேமை வாங்கிய ஊர் ஊரான சர்வர்கள், போய்ச்சேராத மெயிலை நாலைந்து நாள் வரை முயன்று பார்த்துவிட்டு அப்புறம்தான் திருப்பி அனுப்பும். திரும்பி வந்த மெயிலின் தேதியைப் பார்க்காதீர்கள், உள்ளே இருக்கும் மூல மெயிலின் `Received` நேரத்தைப் பாருங்கள். அது திங்கள் மதியம் 1:20க்கு முந்தையது என்றால் பழைய குப்பை, அழித்துவிடலாம். அதற்குப் பிந்தைய நேரம் ஒன்றே ஒன்று இருந்தாலும் அந்தத் தலைவரிகளை நகலெடுத்து, புது டிக்கெட் போடாமல் அதே டிக்கெட்டில் எழுதுங்கள்.